ஒண்ணுல இருந்து ஏழு வரைக்கும்... அறுபதாம் கல்யாணத்தில் பெரியம்மா மைக் பிடித்த கதை!

“கல்யாணம் ஆகி 36 வருஷத்துல நான் மைக் பிடிச்சதே இல்ல கண்ணு. இன்னா பேசணும், எப்படி ஆரம்பிக்கணும்னு எழுதிக் குடு. நீதான் பத்திரிகையில எழுதறியே!”

மார்கழி கடைசியில் கலசப்பாக்கத்திலிருந்து பெரியம்மா போன் பண்ணிச் சொன்னது இது. தை மாதத்தில் பெரியப்பாவுக்கு அறுபது நிறைகிறது. அறுபதாம் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். அதில் பெரியம்மா பேச வேண்டுமாம். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, அவராகவே முடிவு செய்திருக்கிறார்.

நம் வீடுகளில் அறுபதாம் கல்யாணம் என்றால் யார் பேசுவார்கள்? சம்பந்தி பேசுவார், கட்சிக்காரர் யாராவது வந்தால் பேசுவார், படித்த மருமகன் நாலு வார்த்தை சொல்வார். மணப்பெண்ணாக மறுபடி உட்கார்ந்திருக்கும் அம்மா, மாலை கனத்தைச் சரிசெய்தபடி சிரித்துக்கொண்டிருப்பார். அவ்வளவுதான். அதனால் பெரியம்மா கேட்டதும் எனக்கு ஆச்சர்யம். ஒரு மாதம் அவரோடு உட்கார்ந்து அந்தப் பேச்சைத் தயார் செய்ததில் நான் கற்றுக்கொண்டதை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். பெயர்கள் மட்டும் வேண்டாம் என்று பெரியம்மா சொல்லிவிட்டார்.

புளி சீஸனில் வந்த இடி

பெரியப்பாவுக்குப் புளி வியாபாரம். ஜவ்வாது மலைக் கிராமங்களில் தை, மாசியில் புளி இறங்க ஆரம்பிக்கும். அதற்கு முன்பே மரத்துக்காரர்களுக்கு முன்பணம் கொடுத்து வைப்பார். காய் இறங்கியதும் எடுத்து வந்து, ஓடு உடைத்து, கொட்டை எடுத்து விற்பார். கொடுக்கிற முன்பணத்தில் பாதி அவருடையது, மீதி கைமாற்று. யாருக்கு எவ்வளவு கொடுத்தார், யாரிடம் எவ்வளவு வாங்கினார் என்பதெல்லாம் அவர் தலைக்குள்ளும், சட்டைப்பையில் இருக்கும் ஒரு சின்ன டைரியிலும்தான்.

போன வருடம், 2025 பிப்ரவரி. ரதசப்தமிக்குத் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் கலசப்பாக்கம் செய்யாற்றுக்குத் தீர்த்தவாரிக்கு வந்து போன இரண்டாவது நாள். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த பெரியப்பாவின் வலது கையிலிருந்து பிரஷ் நழுவி விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணியது. “வாயுப் பிடிப்பு” என்று எண்ணெய் தேய்த்துப் பார்த்ததில் வீட்டிலேயே இரண்டு மணி நேரம் போய்விட்டது. அப்புறம் வண்டி பிடித்து, ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சேர்ந்தபோது, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதற்கான நான்கரை மணி நேரக் கெடு தாண்டிவிட்டது. உயிர் பிழைத்துவிட்டார். ஆனால், வலது கை, வலது கால் பலம் இழந்தன. பேச்சும் போனது.

‘பேச்சு போனது’ என்றால் ஊமையானார் என்று அர்த்தமில்லை. நாம் சொல்வது அவருக்குப் புரிகிறது. பதில் மனதில் இருக்கிறது. ஆனால், அதற்கான வார்த்தை வாய்க்கு வர மறுக்கிறது. தண்ணீர் என்று கேட்க நினைத்தால் வேறெதுவோ வரும், அல்லது எதுவுமே வராது. மூளையின் இடது பக்கம் பாதிக்கப்பட்ட பலருக்கு இப்படி ஆகும். மருத்துவர்கள் இதை ‘அஃபேசியா’ என்கிறார்கள்.

பெரியம்மாவின் கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது. பெரியப்பா மருத்துவமனையிலிருந்து வந்த பத்தாம் நாள் முதல் கடன்காரர்கள் வாசலில். “அண்ணன் என்கிட்ட வாங்கியிருக்காரு அண்ணி.” எவ்வளவு என்று கேட்டால் அவர்கள் சொல்வதுதான் கணக்கு. உண்மையா என்று கணவரைக் கேட்டால், அவருக்கு வாய் வரவில்லை. டைரியில் பெயர்கள் பாதிதான், தொகைகள் சுருக்கெழுத்தில். மலையில் முன்பணம் வாங்கியவர்களில் சிலர் நேர்மையாகப் புளியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். சிலரை யாரென்றே தெரியவில்லை.

“எனக்கு அழுகை வரல, கோவம்தான் வந்தது. 35 வருஷம் பக்கத்துல படுத்திருந்த மனுஷன், இவ்வளவு கடன் இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லல. இப்ப சொல்லணும்னு நெனச்சாலும் முடியல. யார்கிட்ட போய்ச் சண்டை போட?”

இந்தக் கோபத்தை என்ன செய்வது என்பதுதான் அந்தப் பேச்சின் உள்ளே இருந்த நிஜமான கேள்வி. அது எனக்கு அப்போது தெரியவில்லை.

“அன்னிக்கு நான் வாயே தொறக்கலியே!”

முதல் நாள் உட்கார்ந்ததும் நான் கேட்டேன்: “கல்யாணத்துல நீங்க என்ன வாக்கு கொடுத்தீங்க பெரியம்மா? அதை வெச்சு ஆரம்பிக்கலாம்.”

பெரியம்மா யோசித்தார். “நானா? அன்னிக்கு நான் வாயே தொறக்கலியே. தலையைக் குனிஞ்சுக்கினே இருந்தேன். ஐயரு சொன்னாரு, இவரு திருப்பிச் சொன்னாரு, தாலி கட்டினாரு. மூணு சுத்து சுத்தினோம்.”

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். வெளிநாட்டுப் படங்களில் இருவரும் மாறி மாறி உறுதிமொழி சொல்வார்கள். சர்ச்சில் நடக்கும் கல்யாணங்களில் நம் ஊரிலும் இருவருமே வாய்விட்டுச் சொல்கிறார்கள், வெள்ளி விழாத் திருப்பலியில் அதையே புதுப்பித்துக்கொள்கிறார்கள். நம் இந்துக் கல்யாணங்களில் ‘சப்தபதி’ நடக்கும் வீடுகளில் ஏழு அடி நடப்பார்கள். ஏழாவது அடியில் ‘நீ என் தோழி ஆனாய்’ என்ற பொருளில் மந்திரம் வரும். அழகான விஷயம்தான். ஆனால், அதைச் சொல்வது மணமகன். பெண் நடந்தால் போதும்.

பெண்ணும் வாய்விட்டுச் சொல்லும் கல்யாணம் தமிழ்நாட்டில் உண்டு. அது சுயமரியாதைத் திருமணம். 1967-ல் அண்ணா முதல்வராக இருந்தபோது இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைத் தமிழ்நாடு சேர்த்தது. உறவினர்களோ நண்பர்களோ முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில், ‘இவரைக் கணவராக ஏற்கிறேன்’, ‘இவளை மனைவியாக ஏற்கிறேன்’ என்று ஒருவருக்கொருவர் அறிவித்தாலே செல்லும். மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி கட்டினாலும் செல்லும். புரோகிதர் வேண்டியதில்லை.

இதையெல்லாம் நான் சொன்னதும் பெரியம்மா, “அப்ப நான் புதுப்பிக்க ஒண்ணுமில்ல. இதுதான் எனக்கு முதல் தடவை”ன்னு சொன்னார். அறுபதாம் கல்யாணத்துக்குச் சட்டத்தில் எந்த வேலையும் கிடையாது, பதிவும் தேவையில்லை. அதனால் என்ன சொல்லலாம், எப்படிச் சொல்லலாம் என்பது முழுக்க அவர் கையில்தான்.

பதினோரு பக்கம் ஆறு நிமிடமானது

“நீங்களே எழுதுங்க, நான் திருத்தறேன்” என்று ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். நான் எழுதிக் கொடுத்திருந்தால் அது என் வார்த்தையாக இருந்திருக்கும், அவர் வாயில் ஒட்டாது. பத்து நாளில் பதினோரு பக்கம் எழுதிவிட்டார். சத்தமாகப் படிக்கச் சொல்லி போனில் நேரம் பார்த்தேன். இருபத்திரண்டு நிமிடம்.

அதில் முதல் நாலு பக்கம், எந்தத் தேதியில் எந்த மருத்துவமனை, என்ன ஸ்கேன், எத்தனை ஊசி என்ற விவரம். பெரியம்மாவுக்கு அது ஒவ்வொன்றும் ஒரு யுத்தம். ஆனால், மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் அதை நேரில் பார்த்தவர்கள், மீதிப்பேர் போனில் கேட்டவர்கள். அதை எல்லாம் எடுத்துவிட்டு, பிரஷ் கீழே விழுந்த அந்த ஒரு காட்சியை மட்டும் வைத்தோம்.

அடுத்த மூன்று பக்கம், யார் உதவவில்லை என்ற பட்டியல். ஒருமுறைகூட எட்டிப் பார்க்காத ஒரு நெருங்கிய சொந்தத்தைப் பற்றி ஒரு முழுப் பக்கம். “இதைப் படிச்சா அவங்க முகம் எப்படி ஆகும்னு பாக்கணும்” என்றார். “பாத்துட்டு அப்புறம்?” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், அவரே அந்தப் பக்கத்தைக் கிழித்தார். கிழித்ததை எறியாமல் பீரோவில் வைத்துக்கொண்டார். அது அவருடைய உரிமை!

நன்றி சொல்லும் பட்டியலும் நீளம். 31 பெயர்கள். 31 பேரைச் சொன்னால் விட்டுப்போன 32-வது ஆள் வருத்தப்படுவார். அதனால் பெயர்களுக்குப் பதில் செயல்களைச் சொன்னோம். ‘ராத்திரி ஒரு மணிக்கு வண்டி எடுத்தவங்க’, ‘மலையிலேருந்து நடந்து வந்து புளி இறக்கினவங்க’ என்று சொன்னால் செய்தவருக்குத் தெரியும், அது தன்னைத்தான் என்று.

இதையெல்லாம்விட முக்கியமான கட்டம் இனிமேல்தான். பேச்சு பெரியம்மாவுடையது. ஆனால், அதில் இருக்கும் உடம்பு பெரியப்பாவுடையது. அவர் எதிர்த்துப் பேச முடியாத நிலையில் இருக்கும்போது அவரைப் பற்றி நூறு பேர் முன்னால் பேசுவது நியாயமா? எனவே, ஒவ்வொரு பத்தியையும் அவருக்குப் படித்துக் காட்டுவது என்று முடிவு செய்தோம். “சொல்லலாமா, வேணாமா?” என்று கேட்கக் கூடாது. இரண்டு கேள்வி ஒன்றாக வந்தால் அவருக்குக் குழப்பம். “இதைச் சொல்லலாமா?” என்று ஒரே கேள்வி. பிறகு பத்து விநாடியாவது காத்திருக்க வேண்டும். கட்டைவிரல் மேலே என்றால் சரி. சந்தேகம் வந்தால் அதையே திருப்பி, “இதை எடுத்துடலாமா?” என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு பதிலும் ஒத்துப்போனால்தான் அது அவருடைய பதில்.

இரண்டு இடங்களில் பெரியப்பா மறுத்தார். ஒன்று, படுக்கையிலேயே எல்லாம் ஆன முதல் மாதத்தைப் பற்றியது. இன்னொன்று, ஒரு ராத்திரி அவர் அழுததைப் பற்றியது. இரண்டையும் பெரியம்மா உடனே அடித்துவிட்டார்.

கடனைப் பற்றி பெரியம்மா எதுவுமே எழுதியிருக்கவில்லை. கடன் கொடுத்தவர்கள் சிலர் விழாவுக்கு வருவார்கள், அவர்கள் முன்னால் பெரியப்பாவை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நினைத்திருந்தார். படித்து முடித்ததும் பெரியப்பா இடது கையால் தன் சட்டைப்பையைத் தட்டினார். எங்களுக்குப் புரியவில்லை. தண்ணீரா, மாத்திரையா, போனா? எல்லாவற்றுக்கும் ‘இல்லை’. நாலைந்து முறை தட்டிய பிறகு பெரியம்மாவுக்குத்தான் புரிந்தது.

“டைரியா?”

கட்டைவிரல் மேலே.

“கடனைப் பத்திச் சொல்லணுமா?”

மறுபடியும் மேலே.

“சொல்ல வேணாம்னா விட்டுடறேன். விட்டுடவா?”

வேகமாக ‘இல்லை’ என்று தலையாட்டினார். பெரியம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். ஒரு வருடமாக எதிர்பார்த்த பதில் அவருக்கு அன்றைக்குத்தான் கிடைத்தது.

எண்ணிக்கை மட்டும் வந்தது

பேச்சுப் பயிற்சிக்குப் போகும் இடத்தில் பெரியம்மா ஒன்றைக் கவனித்திருந்தார். பெரியப்பாவால் ‘மூணு’ என்று தனியாகச் சொல்ல முடியாது. ஆனால், ‘ஒண்ணு’ என்று ஆரம்பித்துக் கொடுத்தால், ‘ரெண்டு, மூணு, நாலு’ என்று தானாக ஓடும். கிழமைகள், பழைய பாட்டு, சாமி பேர் போன்றவை இப்படி வரும். சின்ன வயதிலிருந்து வரிசையாகச் சொல்லிப் பழகியவை, வார்த்தையைத் தேடி எடுக்க வேண்டிய அவசியம் இல்லாமலேயே வெளிவந்துவிடும். அஃபேசியா உள்ள நிறைய பேரிடம் இதைப் பார்க்கலாம்.

“அவரும் மேடையில ஏதாச்சும் சொல்லணும் கண்ணு. நான் மட்டும் பேசினா, பாவம் பொம்மை மாதிரி உக்காந்திருப்பாரு” என்று பெரியம்மா சொன்னபோதுதான் எனக்கு அந்த ஏழு அடி ஞாபகம் வந்தது. பெரியப்பா எண்ணட்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் பெரியம்மா ஒரு வாக்கு சொல்லட்டும்.

ஒத்திகையில் இது சொதப்பியது. ‘ஒண்ணு’ என்றார். பெரியம்மா முதல் வாக்கைச் சொல்லி முடித்ததும் அடுத்த எண் வரவில்லை. நடுவில் பேச்சு புகுந்ததும் வரிசை அறுந்துவிட்டது. நான் ‘ரெண்டு’ என்று எடுத்துக் கொடுக்கப் போனேன். பெரியம்மா கை காட்டித் தடுத்தார். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். “ஒண்ணு... ரெண்டு.” அதைத்தான் பிடித்துக்கொண்டோம். ஒவ்வொரு முறையும் ஒண்ணிலிருந்தே ஆரம்பிப்பது!

விழா நாள்

திருக்கடையூருக்குப் போய்ச் செய்வதுதான் பலருடைய வழக்கம். மார்க்கண்டேயனுக்காக எமனை எதிர்த்த தலம் என்பதால், அறுபது, எழுபது, எண்பது எல்லாவற்றுக்கும் அங்கே கூட்டம் இருக்கும். பெரியப்பாவால் அவ்வளவு தூரம் வண்டியில் உட்கார முடியாது. செலவும் தாங்காது. அதனால் உள்ளூரிலேயே ஒரு சின்ன மண்டபம். அவர் பிறந்த விசுவாவசு வருடமே 60 வருடம் சுற்றி மறுபடி வந்திருக்க, தை மாதத்து ஜன்ம நட்சத்திரத்தன்று காலையில் ஹோமம், கலச நீர் அபிஷேகம், மாலை மாற்றல். வலது கை ஒத்துழைக்காததால் தாலி கட்டும்போது ஒரு முடிச்சை இடது கையால் பெரியப்பா பிடிக்க, மற்றதை மகன் கட்டினார்.

பேச்சைச் சாப்பாட்டுக்கு முன்பே வைத்துவிட்டோம். பந்தி ஆரம்பித்துவிட்டால் யார் காதிலும் விழாது. பெரியப்பாவுக்கும் வெயில் ஏற ஏறக் களைப்பு வரும், களைப்பில் இருக்கும் வார்த்தையும் போய்விடும். மேளக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தோம். மைக்கைப் பெரியம்மா கையில் கொடுக்காமல் ஸ்டாண்டில் பொருத்தினோம். அவர் கை நோட்டையும், இன்னொரு கை பெரியப்பாவையும் பிடிக்க வேண்டுமே.

பெரியம்மா பேசியதை அப்படியே தருகிறேன். பதிவைக் கேட்டு எழுதியது.

“எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்ல. தப்பா இருந்தா பொறுத்துக்கணும்.

36 வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி மாலை போட்டுக்கினு உக்காந்திருந்தேன். அன்னிக்கு நான் ஒரு வார்த்தை பேசல. யாரும் கேக்கல. இன்னிக்கும் யாரும் கேக்கல, நானா வந்திருக்கேன்.

போன வருஷம் ரதசப்தமி முடிஞ்ச ரெண்டாம் நாளு இவரு கையிலேருந்து பிரஷ் கீழ விழுந்துச்சு. அன்னிலேருந்து இந்த ஒரு வருஷம் நாங்க எப்படி இருந்தோம்னு உங்களுக்குத் தெரியும். ராத்திரி ஒரு மணிக்கு வண்டி எடுத்தவங்க இங்க இருக்கீங்க. எங்க வீட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டினவங்க இருக்கீங்க. சீட்டு நாட்டு எதுவும் இல்லாம, வாங்கின முன்பணத்துக்கு மலையிலேருந்து புளியக் கொண்டாந்து இறக்கிட்டு, ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காம போனவங்க இருக்கீங்க. பேர் சொல்லல. உங்களுக்கே தெரியும்.

ஒண்ணு சொல்லணும். இதைச் சொல்லச் சொன்னது இவருதான். இவரு கடன் வாங்கியிருந்தாரு. எனக்குத் தெரியாது. சொல்லல. எனக்கு ரொம்பக் கோவம். சாகக் கெடந்த மனுஷன் மேல இன்னா கோவம்னு கேப்பீங்க. சாகக் கெடந்தப்ப பயம் இருந்துச்சு, கோவமும் இருந்துச்சு. ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. அதை மறைச்சு இன்னிக்கு மாலை போட்டுக்கினா, அது பொய்யி.

நம்ம அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலை அம்மனுக்குமே தை மாசம் வந்தா திருவூடல் நடக்குது. சாமி கோச்சிக்கினா தெருவுக்கே பேர் வெக்கறாங்க. நான் கோச்சிக்கக் கூடாதா?

இப்ப இவரு எண்ணுவாரு. நான் ஒண்ணொண்ணா சொல்றேன். யாரும் எடுத்துக் குடுக்காதீங்க. அவரே சொல்வாரு. நேரம் ஆகும், இருங்க.”

பெரியம்மா பக்கத்தில் திரும்பினார். மண்டபம் அமைதியாகியது. பெரியப்பாவின் உதடு அசைந்தது. கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. பின்வரிசையில் யாரோ “ஒண்ணுன்னு சொல்லு மாமா” என்றார். பெரியம்மா நோட்டைப் பிடித்த கையை மட்டும் உயர்த்தினார். அப்புறம் வந்தது.

“ஒண்ணு.”

“இனிமே நம்ம வீட்டுக் கணக்கு ரெண்டு பேருக்கும் தெரியணும். ஒரே நோட்டுதான். அது சாமி மாடத்துல இருக்கும்.”

“ஒண்ணு... ரெண்டு.”

“பிரஷர் மாத்திரைய நீங்க நடுவுல நிறுத்தினீங்க. நானும் கேக்கல. இனிமே ராத்திரி எட்டு மணிக்கு நான் குடுப்பேன். திட்டாம குடுப்பேன். நீங்க துப்பாம முழுங்கணும்.”

“ஒண்ணு, ரெண்டு... மூணு.”

“நீங்க பேச ஆரம்பிச்சா நான் முந்திக்கினு சொல்ல மாட்டேன். எவ்வளவு நேரம் ஆனாலும் காத்துக்கினு இருப்பேன்.”

நாலாவதில் வரிசை சிக்கியது. மூன்றுக்கு அப்புறம் இரண்டு முறை நின்றார். மூன்றாவது முறை முதலிலிருந்து எண்ணி வந்தார்.

“உங்க சட்டைப் பொத்தானை நீங்கதான் போடணும். அரை மணி நேரம் ஆனாலும் சரி. நான் போட்டுவுட்டா வேலை சீக்கிரம் முடியும், ஆனா கை பழகாது.”

ஐந்தாவது.

“மாசத்துல ரெண்டு நாளு நான் எங்க அக்கா வீட்டுக்குப் போவேன். பையன் பாத்துக்குவான். நான் கொஞ்சம் தூங்கணும். இதை எல்லார் முன்னாடியும் சொல்றேன், அப்பறம் யாரும் ‘புருஷன இப்படி வுட்டுட்டுப் போறா’ன்னு சொல்லக் கூடாது.”

பெண்கள் பக்கத்தில் கைதட்டல். ஆறாவது.

“கடன் குடுத்தவங்க இங்க வந்திருக்கீங்க. பாதிக்கு மேல அடைச்சாச்சு. மிச்சம் இருக்கு. யாருக்கு எவ்வளவுன்னு இவரு தலையாட்டிக் காட்டி, ஒவ்வொண்ணா எழுதி வெச்சிருக்கோம். இவரு ஒத்துக்கினதைக் குடுப்போம். இவரு இல்லன்னு சொன்னதைக் குடுக்க மாட்டோம்.”

ஏழாவது வர ரொம்ப நேரமாகியது. ஒண்ணிலிருந்து ஆரம்பித்து, ஆறில் மூச்சு வாங்கி, பெரியம்மாவைப் பார்த்தபடியே சொன்னார்: “ஏழு.”

“ஏழாவது அடியில சிநேகிதம்னு சொல்வாங்களாம். எங்க பொண்ணு படிச்சுச் சொன்னா. நான் இத்தினி வருஷம் உங்களுக்குப் பொண்டாட்டியா இருந்தேன். சிநேகிதியா இருந்திருந்தா கடனைச் சொல்லியிருப்பீங்க. இனிமே சொல்லுங்க. நானும் சொல்றேன்.”

பெரியம்மா நோட்டை மூடினார். பேச்சு அங்கே முடிகிறது. நாதஸ்வரக்காரர் ஊதத் தயாரானார். அப்போது பெரியப்பா மைக் பக்கம் குனிந்து, “எட்டு” என்றார்.

மண்டபமே சிரித்துவிட்டது. எங்களுக்கு விஷயம் புரிந்தது. வரிசையை ஓடவிட்டால் நிறுத்துவதும் அவர் கையில் இல்லை. ஆனால், பெரியம்மா சிரிக்கவில்லை. எழுதி வைக்காத ஒன்றைச் சொன்னார்.

“எட்டாவது உங்களுது. பேச்சு வந்ததும் சொல்லுங்க. நான் இருக்கேன்.”

அதற்கப்புறம்...

பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தபோது கடன் கொடுத்தவர்களில் ஒருவர் பெரியம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார். தன் கணக்கில் வட்டியைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருந்ததாக ஒப்புக்கொண்டார். இன்னொருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிடாமலே போனார். வயதான அத்தை ஒருவர், “ஆம்பள வாங்கின கடனைச் சபையில சொல்றது நம்ம வழக்கமா?” என்று கோபித்துக்கொண்டார். பெரியம்மா எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னார்: “அவரு சொல்லச் சொன்னாரு.”

அன்றைக்குச் சாயங்காலம் நான் சென்னைக்குக் கிளம்பும்போது, திண்ணையில் பெரியப்பா சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். இடது கையால் பொத்தானைத் தேடித் தேடிப் போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது பொத்தான் நாலாவது காஜாவுக்குள் போய்விட்டது. நான் சரிசெய்யக் கை நீட்டினேன்.

உள்ளே இருந்து பெரியம்மாவின் குரல் வந்தது: “வுடு கண்ணு. இன்னும் பஸ்ஸுக்கு நேரம் இருக்குது.”